மைக் முன்னால் முதல் நிமிடம்

சிறப்பு விருந்தினரை அவைக்கு அறிமுகம் செய்யும் பேச்சு இரண்டு நிமிடம் நீளும், மிஞ்சினால் மூன்று. வாசகர் வட்டக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, நூல் வெளியீடு, குடியிருப்போர் சங்க விழா என்று எங்கே கூட்டம் நடந்தாலும் இந்தப் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழுந்துவிடும். ஒரு மணி நேரம் பேச வந்த விருந்தினர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். இரண்டு நிமிடம் பேச வேண்டியவரோ காலையிலிருந்து இட்லிகூட இறங்காமல் தவித்துக்கொண்டிருப்பார்.

இதை வெறும் அனுபவக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. மேடையில் பேசுபவர்களின் பதற்றம் நேரத்துக்கு நேரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ரால்ஃப் பென்கே, கிறிஸ் சாயர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். மனக் கலக்கம் முறை வருவதற்குச் சற்று முன்பு மிக அதிகமாக இருக்கிறது. பேசத் தொடங்கும் கட்டத்தில் இதயத் துடிப்பு உச்சத்தைத் தொடுகிறது. பேச்சு போகப் போக இரண்டும் இறங்குகின்றன. நீண்ட உரை ஆற்றுபவருக்கு இந்த இறக்கம் கைகொடுக்கும். ஐந்தாவது நிமிடத்தில் குரல் தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும். அறிமுகம் செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. உடம்பு அடங்கத் தொடங்குவதற்குள் அவருடைய பேச்சு முடிந்துவிடுகிறது. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போதே அவர் முழுப் பேச்சையும் பேசியாக வேண்டும்.

ஆகவே படபடப்பே இல்லாமல் மேடை ஏற வேண்டும் என்று பாடுபடுவது வீண். படபடப்பு இருக்கும்போதும் தடுமாறாதபடி பேச்சை அமைத்துக்கொள்வதுதான் நடக்கக்கூடிய காரியம். மேடைக்குப் பழகியவர்கள் அதற்கு மூன்று துணைகளை வைத்துக்கொள்கிறார்கள். காத்திருக்கும் நேரத்துக்கு மூச்சு, வாய் திறக்கும் முதல் பத்து விநாடிக்கு மனப்பாடமான ஒரு வாக்கியம், அதற்குப் பிறகு வரும் அனைத்துக்கும் கையில் இருக்கும் குறிப்பு அட்டை. ஒன்று செய்யும் வேலையை இன்னொன்றின் மேல் சுமத்தும்போதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்றதும் உடம்பில் நடப்பது என்ன? சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல் நுனி நடுங்குகிறது. மூச்சு வயிற்றை விட்டு மேலேறி, மார்பின் மேல்பகுதியில் சின்னச் சின்னதாக ஓடுகிறது. பேச்சைக் கெடுப்பதில் பெரும் பங்கு இந்தக் கடைசி மாற்றத்துக்குத்தான். குரல் என்பது வெளியேறும் காற்றின் மேல் எழும் ஒலி. காற்று துண்டு துண்டாக வந்தால் குரலும் துண்டு துண்டாகத்தான் வரும். தொண்டைத் தசைகள் இறுகுவதால் குரல் வழக்கத்தைவிட மேலே ஏறிப் பிசிறடிக்கிறது. வாக்கியத்தின் நடுவில் காற்று தீர்ந்துபோவதால் கடைசிச் சொற்கள் விழுங்கப்படுகின்றன.

இதயத்தை நிதானமாக அடி என்று நாம் கட்டளையிட முடியாது. மூச்சின் வழியாக அதைத் தொட முடியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளியே விடும்போது சற்றுத் தளர்கிறது. மூளையிலிருந்து மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கி வரும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் நேரத்தில் இதயத்தின் மேல் தன் பிடியைக் கூட்டுவதே காரணம். அப்படியானால் வெளிமூச்சை நீட்டினால் தளர்ச்சிக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். மேடைப் பதற்றத்துக்கான மூச்சுப் பயிற்சிகள் எத்தனை பெயரில் வந்தாலும் அவற்றில் பயன் தருபவை பெரும்பாலும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன.

செய்முறை எளிது. நாலு எண்ணும் வரை மூக்கால் இழுக்க வேண்டும், ஆறு எண்ணும் வரை விட வேண்டும். எண் ஒன்றுக்கு ஒரு விநாடி. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்தபடி, முன்னால் பேசிக்கொண்டிருப்பவரைப் பார்த்தபடியே செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மூச்சு சரியான இடத்துக்குப் போகிறதா என்பதை இடுப்பே சொல்லிவிடும். உள்ளிழுக்கும்போது பெல்ட்டோ, சேலைக் கட்டோ லேசாக இறுகினால் வயிறு விரிகிறது என்று பொருள். தோள் மட்டும் ஏறி இறங்கினால் மூச்சு இன்னும் மார்பிலேயே நிற்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. மூக்கால் ஒரு முழு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் சேர்த்து இழுத்து, பிறகு வாயால் மெதுவாக, நீளமாக விடுவது. அழுது ஓய்ந்த குழந்தை விடும் பெருமூச்சின் அமைப்பு இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து நிமிடம் என ஒரு மாதம் இந்தப் பெருமூச்சுப் பயிற்சியைச் செய்தவர்களின் மனநிலை, அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. அது ஒரு மாதம் பழகியவர்களுக்குக் கிடைத்த பலன் என்பதை மறந்துவிடக் கூடாது. மேடையைப் பொறுத்தவரை, எழுந்து நிற்பதற்கு முன்னால் இரண்டு மூன்று பெருமூச்சு என்ற அளவில் இதை வைத்துக்கொள்வது பொருத்தம்.

‘நல்லா மூச்சை இழுத்து விடுங்க’ என்று அருகில் இருப்பவர்கள் அன்போடு சொல்லும் அறிவுரையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பதற்றத்தில் இருப்பவர் அதைக் கேட்டு வேக வேகமாக ஆழ்ந்த மூச்சுகளை இழுப்பார். ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். தலை லேசாகச் சுற்றும், விரல்களும் உதட்டோரமும் மரத்துப்போகும். மயக்கம் வரப்போகிறது என்று பயந்து அவர் இன்னும் வேகமாக மூச்சு வாங்குவார். விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு தொடங்கினால் மூச்சின் அளவு கூடிவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். எண்ணுவதை நிறுத்திவிட்டு, வாயை மூடி, மூக்கால் சிறிய மூச்சு விட்டால் ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

மைக் முன்னால் நின்றதும் செய்யும் இன்னொரு தவறு, நுரையீரல் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பது. அடைத்த காற்று முதல் சொல்லிலேயே வெடித்துக் கிளம்பும், குரல் உயரும், வேகம் கூடும். அதற்கு நேர்மாறாக, இருக்கும் காற்றை முதலில் வெளியே விட்டுவிட வேண்டும். அடுத்த மூச்சு தானாக உள்ளே வரும். அந்த இயல்பான மூச்சில் பேச்சைத் தொடங்குவது நல்லது. இதற்கு ஆகும் நேரம் மூன்று விநாடி. மேடையில் நிற்பவருக்கு அது முடிவில்லாமல் நீள்வதாகத் தோன்றும். கீழே இருப்பவர்களுக்கோ, பேச வந்தவர் மைக்கைச் சரிசெய்துகொண்டு அவையைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சியை முதன்முதலாக விழா அன்றே செய்து பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் உதவாது. எண்ணுவதே புதிய கவலையாகிவிடும். முந்தின வாரம் தினமும் ஐந்து நிமிடம் பழகியிருந்தால், நாற்காலியில் உட்கார்ந்ததும் உடம்பு அந்தத் தாளத்தை அடையாளம் கண்டுகொள்ளும். பலன் கிடைத்ததா என்பதை இதயத் துடிப்பை வைத்து அளக்கக் கூடாது. அது அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆறு எண்ணும் வரை வெளிமூச்சு நடுங்காமல், உடையாமல் போகிறதா என்று பார்த்தால் போதும். போனால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அந்த மூச்சு தாங்கும்.

மூச்சு தயாரானதும் அதன் மேல் ஏற்ற வேண்டியது முதல் வாக்கியம். அதை எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது. 1891-ல் காந்தி சட்டப் படிப்பை முடித்து லண்டனை விட்டுப் புறப்படும் வேளையில், சைவ உணவு இயக்கத்து நண்பர்களுக்கு ஹோல்பர்ன் உணவகத்தில் விருந்து கொடுத்தார். வந்தவர்களுக்கு நன்றி சொல்லிச் சில வாக்கியங்களில் ஒரு சிறு உரையை மிகக் கவனமாகத் தயார் செய்திருந்தார். ஆங்கில எழுத்தாளர் ஜோசஃப் அடிசன் நாடாளுமன்றத்தில் முதன்முதலாகப் பேச எழுந்து தடுமாறிய கதையை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி நகைச்சுவையாகப் பேசுவது திட்டம். எழுந்தார், முதல் வாக்கியத்தைச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நினைவு முற்றிலும் கைவிட்டுவிட்டது. அழைப்பை ஏற்று வந்ததற்கு நன்றி என்று சட்டென்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிற்காலத்தில் லட்சக்கணக்கானோர் முன் பேசிய மனிதர் தன் சுயசரிதையில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அவர் தயாரிப்பில் குறை வைக்கவில்லை. முதல் வாக்கியமும் அவருக்கு நினைவில் இருந்தது. அந்த வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிதான் அடைபட்டது. நகைச்சுவைக் கதைக்கு ஒவ்வொரு சொல்லும் அதனதன் வரிசையில் விழ வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனால் கதை நின்றுவிடும். அதோடு, அவை சிரிக்குமா என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். படபடப்பின் உச்சத்தில் இப்படி நுணுக்கமான வேலையை நினைவின் மேல் சுமத்தினால் அது தாங்காது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், முன்பு படித்ததை நினைவிலிருந்து எடுக்கும் திறனைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அத்தனை தடையையும் மீறி வெளியே வருவது, அளவுக்கு மேல் சொல்லிச் சொல்லி நாக்கில் பதிந்துபோனது மட்டுமே.

அதனால் முழு உரையையும் மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஒரு வாக்கியத்தை அப்படிப் பதிய வைப்பது பாதுகாப்பானது. அந்த வாக்கியம் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நீளத்தில் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு சொற்கள் போதும். ஆண்டு, எண்ணிக்கை, பட்டம், வெளிநாட்டுப் பெயர் எதுவும் அதில் வேண்டாம். அவையெல்லாம் உலர்ந்த வாயில் இடறும். ழகரமும் ளகரமும் நெருக்கியடித்து நிற்கும் சொற்களையும் தவிர்த்துவிடலாம். கேள்வியாகத் தொடங்குவதும் ஆபத்துதான். முன்வரிசையில் யாராவது பதில் சொல்லிவிட்டால் மனப்பாடம் கலைந்துபோகும். ‘எனக்குப் பேசிப் பழக்கமில்லை, தவறு இருந்தால் மன்னிக்கவும்’ என்ற தொடக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். விருந்தினருக்காகக் கூடிய அவையின் கவனத்தை அது பேசுபவரின் நடுக்கத்தின் மேல் திருப்பிவிடுகிறது.

தமிழ்நாட்டு மேடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சின் முதல் வாக்கியத்துக்கு முன்னால் விளிப்பு வருகிறது. தலைவர், முன்னிலை வகிப்பவர், நூலகர், தலைமையாசிரியர், புரவலர் என்று மேடையில் இருப்பவர்களையெல்லாம் வரிசைப்படி அழைத்த பிறகுதான் பேச்சுக்குள் நுழைய முடியும். பலர் நினைவை இந்த வரிசையிலேயே செலவழித்துவிட்டு, உண்மையான தொடக்கம் வரும்போது வெறுங்கையோடு நிற்கிறார்கள். பெயர்களை மனப்பாடம் செய்ய அவசியமே இல்லை. அட்டையைப் பார்த்து வாசிக்கலாம். பெயர் விட்டுப்போகாமல் இருப்பதற்காக வாசிக்கிறார் என்று அவை மதிக்கவே செய்யும். வாசித்து முடித்ததும் நிமிர்ந்து, ஒரு மூச்சு எடுத்து, மனப்பாடமான வாக்கியத்தை அவையின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். விளிப்பு சம்பிரதாயமாக முடிந்து, பேச்சு தொடங்கிவிட்டது என்பதை அந்த நிமிர்தல் எல்லோருக்கும் உணர்த்தும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு சிற்றூர் நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டம். ஞாயிறு காலை பத்தரைக்கு, ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் குளக்கரை மரங்களைப் பற்றிப் பேச வருகிறார். அவரை அறிமுகம் செய்யும் பொறுப்பு உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு. அவர் முதலில் எழுதிப் பார்த்த வாக்கியம் இப்படி இருக்கக்கூடும்: ‘தாவரவியல் துறையில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்று, முப்பத்திரண்டு ஆண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றி, எண்ணற்ற ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுள்ள நமது சிறப்பு விருந்தினர்...’ வாக்கியம் இன்னும் முடியவே இல்லை, மூச்சு முடிந்துவிட்டது. உரக்கச் சொல்லிப் பார்த்தால் ‘முப்பத்திரண்டு’ வரும்போதே காற்று குறைவது தெரியும்.

இதையே மாற்றி எழுதலாம்: ‘நம் ஊர்க் குளக்கரையில் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் இன்று நம்மோடு இருக்கிறார்.’ பதின்மூன்று சொற்கள், ஒரே மூச்சு. எண் இல்லை, பட்டம் இல்லை. ஊர்க்காரர்களுக்குக் கண்ணில் படும் ஒரு காட்சி இருக்கிறது. முக்கியமாக, அடுத்த வாக்கியத்தை அது தானே கேட்டு வாங்குகிறது. யார் அவர், எப்படித் தெரியும் என்று அவைக்குத் தோன்றும். ஆசிரியைக்கும் அதே தோன்றும். எனவே அவர் நினைவு வெறுமையாகிப் போனாலும், ‘குளக்கரை மரங்களையெல்லாம் நடந்தே கணக்கெடுத்தவர்’ என்ற இரண்டாவது செய்திக்கு அந்தக் காட்சியே வழிகாட்டிவிடும். காந்திக்கு அன்று கிடைக்காமல் போனது இந்த வழிதான்.

பதிய வைப்பதற்கு எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிப்பது உதவாது. பார்க்காமல் சொல்ல முயன்று, தடுமாறி, பிறகு பார்த்துத் திருத்திக்கொள்வதுதான் நினைவை உறுதியாக்கும். ஒரே நாளில் ஐம்பது முறை சொல்வதைவிட, ஐந்து நாள், நாளுக்குச் சில முறை என்று இடைவெளி விட்டுச் சொல்வது பதியும். உட்கார்ந்து முணுமுணுக்காமல், நின்று, மேடையில் பேசும் அதே குரலில் சொல்ல வேண்டும். வாக்கியத்தை மட்டும் தனியாகப் பழகாமல், விளிப்பின் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி, இரண்டாவது வாக்கியத்தின் முதல் சொல்வரை போக வேண்டும். இரண்டு மாடிப் படியை வேகமாக ஏறிவிட்டு, மூச்சு வாங்கும் நிலையிலேயே ஒரு முறை சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனை. நெஞ்சு படபடக்கும்போது வாக்கியம் எப்படி வருகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும் என்று சொல்வார்களே, அந்த அளவுக்குப் பதிந்த பிறகு மாற்றி எழுதும் ஆசையைக் கைவிட வேண்டும். விழாவுக்கு முந்தின இரவு அழகான வேறொரு தொடக்கம் தோன்றி, பழையதும் புதியதும் கலந்து நாக்குச் சிக்கிக்கொண்டவர்கள் ஏராளம்.

மீதி எல்லாவற்றுக்கும் அட்டை இருக்கிறது. மெல்லிய ஏ4 தாள் நடுங்கும் கையைக் காட்டிக்கொடுக்கும். விரல் அரை அங்குலம் ஆடினால் தாளின் மறுமுனை அதைவிடப் பெரிதாக ஆடும், மைக்கில் சரசரக்கும், அதைப் பார்க்கும் பேச்சாளரின் பயம் கூடும். 3-க்கு 5 அங்குலம் அல்லது 4-க்கு 6 அங்குலத்தில் தடித்த அட்டை ஆடாது. கடையில் கிடைக்கும் இண்டெக்ஸ் கார்டு இல்லையென்றால், ஒருபக்கம் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் எழுதினாலும் போதும். கைபேசித் திரை இதற்கு ஆகாது. பேச்சின் நடுவே திரை அணைந்துவிடும், அழைப்பு வரும், வியர்த்த விரல் பட்டால் வரிகள் எங்கோ ஓடிவிடும்.

அட்டையில் எதை எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முழு உரையையும் பொடி எழுத்தில் எழுதி வைத்தால், அது நினைவூட்டும் அட்டையாக இல்லாமல் வாசிப்புப் பாடமாகிவிடும். கண்ணை எடுத்தால் விட்ட இடம் கிடைக்காது என்ற பயத்தில் தலை நிமிரவே நிமிராது. மாறாக, ஒன்றிரண்டு சொல் மட்டும் எழுதி வைத்தால், பதற்றத்தில் ‘1994 – விருது’ என்று கண்ணில் படுவது எந்த விருது என்றே விளங்காது. நினைவு நம்பத் தகாத இடங்களை முழுமையாகவும், மற்றவற்றைக் குறிப்பாகவும் எழுதுவதே சரியான அளவு. பெயர், முதலெழுத்து, பதவி, நூல் தலைப்பு, ஆண்டு ஆகியவை முழுதாக. மனப்பாடமான முதல் வாக்கியமும் முழுதாக. அது தேவைப்படாது, ஆனால் அங்கே இருக்கிறது என்பதே ஒரு தைரியம். விருந்தினரை அழைக்கும் கடைசி வாக்கியமும் முழுதாக. இடையில் வருபவை குறிப்புச் சொற்கள்.

ஆசிரியையின் பேச்சு மூன்று அட்டையில் அடங்கிவிடும். முதல் அட்டை:

1
தலைவர் (பெயர்) – நூலகர் (பெயர்) – விருந்தினர் – அவையோர்
நிமிர் / மூச்சு
நம் ஊர்க் குளக்கரையில் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் இன்று நம்மோடு இருக்கிறார்.
→ நடந்தே கணக்கெடுப்பு

இரண்டாவது அட்டையில் கணக்கெடுப்பைப் பற்றி இரண்டு குறிப்பு, அதை வைத்து அவர் எழுதிய நூலின் முழுத் தலைப்பும் ஆண்டும், பேராசிரியராக இருந்த கல்லூரியின் பெயர். மூன்றாவதில் இன்றைய தலைப்பு, பிறகு: ‘நம் குளக்கரை மரங்களின் கதையைச் சொல்ல, பேராசிரியர் (முழுப் பெயர்) அவர்களை அன்போடு அழைக்கிறேன்.’ விருந்தினர் அனுப்பிய இரண்டு பக்கத் தன்விவரத்தில் இருபது செய்தி இருக்கும். அன்றைய தலைப்புக்குத் தொடர்புள்ள மூன்று நான்கு மட்டும் அட்டைக்கு வர வேண்டும். குறைவாக எழுதும்போது தடுமாற வாய்ப்பும் குறைகிறது, விருந்தினரின் நேரமும் மிச்சமாகிறது.

எழுத்து, இடுப்புக்கு மேல் தாழ்வாகப் பிடித்த அட்டையில் குனியாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஓர் அட்டைக்கு ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், திருப்பும்போதுதான் தலைகீழாகிப்போகிறது. ஜெல் பேனா வியர்த்த விரல் பட்டதும் கலையும், பால் பாயின்ட் பேனா நிற்கும். வலது மூலையில் எண் போட்டு, இடது மேல் மூலையில் துளையிட்டு டேக் கயிற்றால் கட்டிவிட்டால், கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. பழகும்போதும் இதே அட்டைகளை வைத்துத்தான் பழக வேண்டும். எந்தச் செய்தி எந்த அட்டையில், எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கண் நினைவில் வைத்திருக்கும். அழகாக இருக்கட்டும் என்று முந்தின நாள் புதிதாக எழுதினால் அந்த நினைவு வீணாகிவிடும்.

அட்டையை இடது கையில், முழங்கையை உடலோடு ஒட்டிப் பிடித்தால் நடுக்கம் பாதியாகத் தெரியும். போடியம் இருந்தால் அதன் மேலேயே வைத்துவிடலாம். பார்க்கும் முறைக்கு ஒரே விதிதான்: குனிந்திருக்கும்போது பேசக் கூடாது, பேசும்போது குனிந்திருக்கக் கூடாது. கண்ணை அட்டைக்கு இறக்கி, அடுத்த செய்தியை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, பிறகு பேச வேண்டும். அந்த இரண்டு விநாடி மௌனத்தில் ஒரு மூச்சும் தானாக உள்ளே வந்துவிடும். விளிப்பில் பெயர்களை வாசிப்பதற்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். நூலின் தலைப்பையும் ஆண்டையும்கூட ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்து சொல்வதே தெளிவாகக் கேட்கும்.

கூட்டம் நடக்கும் நாளில் திட்டப்படி எதுவும் நடக்காது என்று வைத்துக்கொண்டு தயாராவது நல்லது. ஆசிரியையின் கூட்டத்தில் பத்தரைக்குத் தொடங்க வேண்டியது பதினொன்றே காலுக்குத் தொடங்கலாம். பத்து மணியிலிருந்தே மூச்சை எண்ணிக்கொண்டிருந்தால் முறை வருவதற்குள் சலித்துவிடும். தனக்கு முன்னால் இருக்கும் நிகழ்ச்சி, அதாவது வரவேற்புரை, தொடங்கும்போது எண்ணத் தொடங்குவதே கணக்கு. கடைசி நேரத்தில் எதிர்பாராத ஒருவர் மேடைக்கு அழைக்கப்படுவார். விளிப்பில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி யாராவது காதில் கிசுகிசுப்பார்கள். அதற்காகவே முதல் அட்டையில் ஒரு வரி இடம் விட்டு, பேனாவைக் கையோடு வைத்திருக்க வேண்டும். விருந்தினரின் பெயரை எப்படி உச்சரிப்பது, எந்த அடைமொழி வேண்டாம் என்பதை அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சின்ன உரையாடல் மனக் கலக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும். காலையில் வழக்கமான காபியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூடுதல் காபி படபடப்பைக் கூட்டும். வாய் உலர்ந்தால் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்காமல், நாக்கு நனையும் அளவுக்கு ஒரு வாய் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் கை நடுங்கலாம், இரண்டாவது வாக்கியத்தில் குரல் ஒரு முறை பிசிறலாம். அதை அவை பேசுபவர் நினைக்கும் அளவுக்குக் கவனிப்பதில்லை. கெனத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் ஆகிய உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிந்தது என்று கருதினார்களோ, அதைவிடக் குறைவாகத்தான் கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதோடு, இந்த உண்மையை முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். ஆகவே குரல் பிசிறினால் மன்னிப்புக் கேட்டு அதை அறிவிக்க வேண்டியதில்லை. வாக்கியத்தை முடித்துவிட்டு அட்டையைப் பார்க்கலாம். நினைவு முழுதாக நின்றுவிட்டால் அடுத்த அட்டைக்குத் தாவிவிடலாம். விட்டுப்போன செய்தி எது என்று அவைக்குத் தெரியவே தெரியாது. எதுவுமே ஓடவில்லையென்றால் மூன்றாவது அட்டையின் கடைசி வாக்கியம் முழுதாக இருக்கிறது. அதை வாசித்தாலே விருந்தினர் மைக்குக்கு வந்துவிடுவார், அறிமுகத்தின் அவசியமான வேலை முடிந்துவிடும்.

அழைத்த பிறகு அங்கிருந்து ஓடிவிடக் கூடாது. முதல் கைதட்டலை அறிமுகம் செய்தவரே தொடங்கி, விருந்தினர் வந்து சேரும் வரை நின்று, வழிவிட்டு விலக வேண்டும். நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சிலருக்கு முழங்கால் நடுங்கும், வாய் இன்னும் உலரும். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் தணியச் சில நிமிடம் ஆகும், கார்ட்டிசால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். பேச்சு மோசமாகிவிட்டது என்பதற்கு அது அறிகுறி அல்ல. அன்று மாலையே அட்டைகளை எடுத்து, எந்த இடத்தில் கண் தேடியது, எந்தச் சொல்லில் நாக்கு இடறியது என்று குறித்து வைத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

சிலருக்கு இந்த வழிகள் போதாமல் போகும். மேடை என்றதும் வாரக் கணக்கில் தூக்கம் கெடுவது, பேச வேண்டியிருக்குமோ என்று பதவி உயர்வையே வேண்டாம் என்பது, கூட்டங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுவது என்ற அளவுக்குப் போனால், அது மருத்துவ உதவி தேவைப்படும் சமூகப் பதற்றமாக இருக்கலாம். பயப்படும் சூழ்நிலைகளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சை அதில் நல்ல பலன் தருகிறது. படபடப்பையும் கைநடுக்கத்தையும் குறைக்க ப்ரொப்ரனலால் என்ற மாத்திரையை நண்பர்கள் சிபாரிசு செய்வதும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தை உண்டாக்கும். ஏற்கனவே இதயத் துடிப்போ ரத்த அழுத்தமோ குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுக்காமல் அதைத் தொடக் கூடாது.